கழுத்தில் தொங்கும் மரு: நூலா, சுண்ணாம்பா, டாக்டரா, சும்மா விடுவதா?

தாலிக்கொடி பட்டு உறுத்துகிறது, சட்டைக் காலரில் மாட்டுகிறது, அக்குளில் ரேசர் வைக்கும்போது வெட்டுப்பட்டு ரத்தம் வருகிறது. கழுத்திலும் அக்குளிலும் மெத்தென்று தொங்கும் குட்டி மருக்களைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் எடுப்பதற்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். நூல் கட்டு, சுண்ணாம்பு வை, அம்மான் பச்சரிசிப் பால் தடவு, ஆன்லைனில் கிரீம் வாங்கு, பார்லரில் சுட்டுக்கொள், கோயிலில் உப்பும் மிளகும் போடு. (கடைசியாகச் சொன்னதால் தோலுக்கு ஒரு கெடுதலும் வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

என் முடிவும் முதலிலேயே: சும்மா விடுங்கள், இல்லையென்றால் தோல் டாக்டரிடம் போய் வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் நூல் கட்டுவதைச் சில நிபந்தனைகளோடு அரை மனதாக ஒத்துக்கொள்வேன். எதையாவது தடவி அரிக்க வைப்பது, அது பாட்டி வைத்தியமாக இருந்தாலும் சரி, அழகான டப்பாவில் வரும் கிரீமாக இருந்தாலும் சரி, வேண்டவே வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இந்த மரு என்ன என்பது. உள்ளே தளர்வான நார்த்திசு, கொஞ்சம் கொழுப்பு, ஒன்றிரண்டு மெல்லிய ரத்தக்குழாய், மேலே வழக்கமான தோல், அவ்வளவுதான் இதன் கட்டமைப்பு. தோல் நிறத்திலோ கொஞ்சம் கருத்தோ இருக்கும், பெரும்பாலும் 1 முதல் 5 மில்லிமீட்டர், சில சமயம் அதைவிடப் பெரிது. ஒரு காம்பில் தொங்குவதால் விரலால் தொட்டால் அப்படியும் இப்படியும் ஆடும். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்காவது ஒன்றாவது இருக்கும். கைவிரலில் சொரசொரவென்று வரும் மரு வைரஸால் வருவது, ஆளுக்கு ஆள் ஒட்டக்கூடியது. இது அந்த வகை இல்லை. ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்தினால் தொற்றாது, வெட்டினால் அந்த ரத்தம் பட்டுப் பக்கத்தில் பத்தாக முளைக்கும் என்பதும் உண்மையில்லை. புற்றுநோயாக மாறுமோ என்ற பயமும் வேண்டாம். உண்மையிலேயே இந்த மருவாக இருந்தால் அந்த வாய்ப்பு மிக மிக அரிது.

ஏன் வருகிறது? தோலோடு தோலும், தோலோடு துணியும் நகையும் உரசும் இடங்களில் வருகிறது. அதனால்தான் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடிப்புறம், கண் இமை. குடும்ப வாகு உண்டு. அம்மாவுக்குக் கழுத்து நிறைய இருந்தால் மகளுக்கும் நாற்பதுக்கு மேல் எட்டிப்பார்க்கும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் புதிதாகச் சில வரலாம், அவற்றில் சில பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கிவிடும் என்பதால் அந்த நேரத்தில் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய காரணம் இன்சுலின். தொப்பை போட்டு, உடம்பு இன்சுலின் சொல்பேச்சு கேட்காமல் போகும்போது கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. ரத்தத்தில் மிஞ்சும் அந்த இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனித்துக்கொண்டு இருப்பதில்லை, தோல் செல்களையும் நார்த்திசு செல்களையும் வளரச் சொல்லித் தூண்டுகிறது. விளைவு, கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கருமை, அதன் மேல் பொட்டுப் பொட்டாக மரு. இந்தக் கருமையை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்க்கிறவர்கள் நிறைய. அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது. உரசல் கூடி இன்னும் கருக்கத்தான் செய்யும். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. ஆகவே ஒன்றிரண்டு மரு என்றால் விடுங்கள். குறுகிய காலத்தில் கொத்தாக வந்தால், அதுவும் கழுத்துக் கருமையோடு சேர்ந்து வந்தால், மருவை எப்படி எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் லேபுக்குப் போய் ரத்தம் கொடுங்கள். இளம் பெண்களுக்கு மாதவிலக்கும் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

சரி, எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சோதனை: அது நிஜமாகவே இந்த மருதானா? காம்போடு தொங்க வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும், ஒரே நிறமாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால், அடி அகலமாகத் தோலோடு ஒட்டியிருந்தால், ஒரே மருவில் கருப்பும் பழுப்பும் சிவப்பும் கலந்திருந்தால், சில வாரங்களில் வேகமாக வளர்ந்தால், எதுவும் படாமலே ரத்தம் கசிந்தால், வீட்டுக் கை வைக்கக் கூடாது. அது மச்சமாக இருக்கலாம், நரம்பு உறையிலிருந்து வரும் கட்டியாக இருக்கலாம், அரிதாகத் தோல் புற்றாகவும் இருக்கலாம். டாக்டர் வெட்டி எடுத்ததைச் சந்தேகம் இருந்தால் லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம். நூல் கட்டி உதிர்த்துக் குப்பையில் போட்டதையோ சுண்ணாம்பில் கரைத்ததையோ யாரும் எதுவும் பார்க்க முடியாது. வீட்டு வைத்தியத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன், ரத்தமும் சீழும் அதற்கு அப்புறம்தான்.

ஒரு விதிவிலக்கு: சில சமயம் காம்பு தானாக முறுக்கிக்கொண்டு, மரு ஒரே நாளில் கருநீலமாகி வலிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இருந்தாலும் நிறம் மாறியதற்குக் காரணம் அதுதானா என்று ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

நூல் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். முறை பழையது, தர்க்கமும் சரியானது. காம்பை இறுக்கினால் ரத்தம் போகாது, மரு கருத்து, சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் விழும். அந்தக் காலத்தில் குதிரை முடி, பெண்களின் தலைமுடி. இப்போது அதே வேலைக்குக் குட்டி ரப்பர் வளையமும் அதை மாட்டுகிற குழாயும் சேர்த்து ஆன்லைனில் விற்கிறார்கள். எங்கே கெடுகிறது என்றால் இறுக்கத்தில். தமனி ரத்தம் அழுத்தத்தோடு வருவது, சிரை ரத்தம் மெதுவாகத் திரும்புவது. அரைகுறையாகக் கட்டினால் உள்ளே வருவது நிற்காது, திரும்பிப் போவது மட்டும் அடைபடும். மரு மறுநாளே திராட்சை மாதிரி வீங்கிச் சிவந்து விண்விண் என்று தெறிக்கும், நாலாம் நாள் நீர் கசியும், அக்குளாக இருந்தால் வியர்வையும் அங்கே குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்து நாற்றமடிக்கும். அப்போது பலர் பொறுமை இழந்து பிய்த்துவிடுவார்கள், அல்லது முடிச்சு சதைக்குள் புதைந்து டாக்டர்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழுத்துக்குப் பின்புறமும் அக்குளிலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் யாராவது கட்டியே தீருவேன் என்றால் நான் வைக்கும் நிபந்தனைகள் இவை. கழுத்தில் இருக்க வேண்டும், மிளகைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், காம்பு நூல் மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், காது குத்திய இடமே பெரிதாகத் தழும்பு ஏறியவர் தொடவே கூடாது. கண் இமையும் பிறப்புறுப்பும் யாருக்கும் கூடாது. சிவப்பு பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டர். இத்தனை நிபந்தனை போட்ட பிறகு மிச்சம் இருப்பது எடுக்கவே தேவையில்லாத அளவுக்குச் சின்ன மருதான் என்பது எனக்கும் தெரிகிறது.

அடுத்து சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவை சோடாவையோ சோடா உப்பையோ குழைத்து மருவின் மேல் ஒரு பொட்டு வைப்பது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது, மரு விழவும் செய்கிறது. ஏன் விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கை நடுங்கும். சுண்ணாம்பும் சோடாவும் ஈரத்தில் சேரும்போது காஸ்டிக் சோடா உருவாகிறது, சாக்கடை அடைப்பு நீக்கப் போடுகிறோமே அதே சரக்கு. அமிலம் பட்டால் தோலின் புரதம் கட்டிப்பட்டு ஓரளவு தானே தடையாக நிற்கும். காரம் அப்படி இல்லை, கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், முதலில் பெரிய வலி கூடத் தெரியாது. மருவின் காம்பு ஒரு மில்லிமீட்டர் என்றால் புண் அதோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கழுத்துத் தோல் மெல்லியது, வியர்வை வேறு குழம்பை இழுத்துக்கொண்டு போகும். மரு போன இடத்தில் அதைவிடப் பெரிய வட்டத் தழும்பு வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இதனால்தான்.

அம்மான் பச்சரிசிப் பாலும் எருக்கம் பாலும் இதே கதை, கொஞ்சம் வேகம் குறைவு. தோலில் எரிச்சலும் கொப்புளமும் வரும். அதைவிட மோசம், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், கண் டாக்டர்களுக்கு இது பழக்கமான கேஸ். ஆப்பிள் சிடர் வினிகரைப் பஞ்சில் நனைத்து இரவு முழுக்க ஒட்டி வைப்பது, பூண்டை நசுக்கிப் பிளாஸ்டர் போடுவது எல்லாமே தோலைப் புண்ணாக்கி அந்தப் புண்ணோடு மருவும் போகட்டும் என்ற கணக்குதான். ஆன்லைன் கிரீம்களும் சொட்டு மருந்துகளும் விஞ்ஞானமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் மாதிரி அரிக்கும் சரக்குதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருவையும் மச்சத்தையும் நீக்குவதற்கென்று தான் எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, 2022இல் இப்படி விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அங்கேயே அந்த நிலை.

உறைய வைக்கும் ஸ்பிரேக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் பயன்படுத்தும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, சில நொடிகளில் வேலை முடியும். கடையில் வாங்குவது மைனஸ் 57 டிகிரி வாக்கில்தான் போகும், அதனால் நேரம் கூட வைக்க வேண்டும், சுற்றியுள்ள தோலும் சேர்ந்து உறையும். நிறம் தரும் செல்கள்தான் குளிருக்கு முதலில் சாகிறவை. மாநிறத் தோலில் மரு போய், அங்கே வெள்ளைப் பொட்டு நிற்கும், மாதக்கணக்கில். டாக்டர் செய்தாலும் நம் நிறத்துக்கு இந்த ஆபத்து உண்டு என்பதால் கழுத்துக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

பார்லர் விஷயத்தில் சுருக்கமாக: மின்சாரத்தால் சுடும் கருவி டாக்டரிடம் இருப்பதும் பார்லரில் இருப்பதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எவ்வளவு ஆழம் போகலாம், இது மருவா மச்சமா, முந்தைய ஆளுக்குப் போட்ட முனையை எப்படிச் சுத்தம் செய்தார்கள், இந்த மூன்றுக்கும் அங்கே பதில் கிடைக்காது. முனை வழியாக ரத்தத்தில் பரவும் தொற்று வரலாம் என்பது சும்மா பயமுறுத்தல் இல்லை. வீட்டுக்கு வாங்கும் பேனா வடிவக் கருவியும் இதில்தான் சேரும்.

டாக்டரிடம் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் சுண்ணாம்பைத் தேடுகிறார்கள், எனவே ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். நாற்பத்தாறு வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் ஒன்பது, அக்குளில் மூன்று, அதில் ஒன்று மொச்சைக்கொட்டை அளவு, அடி கொஞ்சம் அகலம். கழுத்து மடிப்பு கருத்திருக்கிறது, இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது (நம் பெண்களுக்கு அதுதான் எல்லை, ஆண்களுக்கு 90). இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் ஒன்று. இவர் நூல் கட்டலாமா? அக்குளில் இருப்பவை இடத்தாலும் பெரியது அளவாலும் தள்ளுபடி, ஆஸ்பிரினால் மொத்தமுமே தள்ளுபடி. சும்மா விடலாமா? தாலிக்கொடி உரசும் நாலைந்து தவிர மற்றதை விடலாம், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் எப்படியும் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார்.

டாக்டர் முதலில் கேட்பது சர்க்கரை. மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.1 வருகிறது. 5.7க்குக் கீழே இருந்திருந்தால் நிம்மதி, 6.5 என்றால் சர்க்கரை நோய், இவர் நடுவில் நிற்கிறார். மரு எடுக்க வந்தவருக்கு இது தெரிந்ததுதான் பெரிய லாபம். அப்புறம் மரத்துப்போகும் கிரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பிறகு நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோலும் இடுக்கியும். இடுக்கியால் மருவைப் பிடித்து லேசாகத் தூக்கினால் காம்பு நீண்டு தெரியும், தோல் மட்டத்தில் ஒரே வெட்டு. ஒரு பொட்டு ரத்தம் வரும், ரத்தம் நிற்கும் திரவத்தில் நனைத்த குச்சியை வைத்தால் சுருக்கென்று எரிந்து நின்றுவிடும். அக்குளில் இருக்கும் பெரியதற்கு மட்டும் மரக்கும் ஊசி போட்டு வெட்டி, அடியைச் சுட்டுவிடுகிறார். அடி அகலமாக இருந்ததால் அந்தத் துண்டு ஃபார்மலினில் போட்டு லேபுக்குப் போகிறது. ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்குப் பொதுவாக நிறுத்துவதில்லை, நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. ஆனால் சாப்பிடுவதை முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டும்.

இதன் குறை என்ன? செலவு. அழகுக்காகச் செய்வது என்று காப்பீட்டில் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். தனியார் கிளினிக்கில் மரு ஒன்றுக்கு இவ்வளவா, ஒரு முறை உட்காருவதற்கு இவ்வளவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பன்னிரண்டு மரு இருக்கும்போது இந்த ஒரு கேள்வியில் பில் தலைகீழாக மாறும். லேசர் என்று சொல்லி விலை கூட்டினால், காம்புள்ள சின்ன மருவுக்குக் கத்தரிக்கோலைவிட அது எந்த வகையில் மேல் என்று தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. நாள் விசாரித்துக்கொண்டு காலையிலேயே போனால் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், அழகுக்காக மட்டும் என்றால் தள்ளிப் போடவும் செய்யலாம். தழும்பு தடித்து ஏறும் உடம்புக்காரர் டாக்டரிடமும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்வார்கள்.

எடுத்த பிறகு ஒரு வாரம் கழுத்தில் சங்கிலியும் மஞ்சள் கயிறும் புண்ணில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குறிப்பாகக் குளித்துவிட்டு ஈரக் கயிறோடு இருக்கக் கூடாது. அக்குளுக்கு டியோடரன்ட்டும் ரேசரும் புண் ஆறும் வரை வேண்டாம், கை தளர்வான பருத்தி உடை போதும். பொருக்கைப் பிய்த்தால் கரும்புள்ளி நிற்கும். எடுத்த மரு அதே இடத்தில் திரும்ப வருவது அபூர்வம், ஆனால் பக்கத்தில் புதிது வரலாம்; உரசலும் இன்சுலினும் அப்படியே இருக்கும்போது அதைக் கத்தரிக்கோல் தடுக்காது.

ஏற்கெனவே வீட்டில் கை வைத்துவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. சுண்ணாம்போ அமிலமோ வைத்து எரிந்தால், காய்ந்த தூளை முதலில் தட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவுங்கள். காரத்துக்கு எதிர் அமிலம் என்று எலுமிச்சை பிழியாதீர்கள், அந்த வேதிவினையின் சூடே இன்னொரு புண். மஞ்சள், பேஸ்ட், காபித்தூள் எதையும் அப்பாமல் அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், என்ன வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.